ஞாயிற்றுக்கிழமைத் தலையிடி

எங்கள் ஒழுங்கையில் ஞாயிறு காலை எவரும் எவரையும் எழுப்புவதில்லை. சனி பின்னேரம் யாரும் வலை விடமாட்டார்கள், ஆகவே ஞாயிறு விடியப்புறம் எடுக்க வலை இராது. கிழமை முழுக்கப் பின்னிரவில் எழும்புகிற எங்கள் கத்தோலிக்கக் குருநகர் அன்றைக்கு மட்டும் கோயில் மணி அடிக்கும்வரை படுத்திருக்கும். முதற் பூசைக்குப் போகிறவர்கள்கூட, படுத்திருப்பவர்களின் வாசலைக் கடக்கையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போவார்கள். தொழிலுக்குப் போய் வந்தவனை எழுப்பக்கூடாது. சாப்பாடு இல்லையென்றாலும் அவனுக்கு நித்திரை இருக்கவேண்டும். இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பிறந்ததிலிருந்தே தெரியும்.

எனக்குத் தலையிடி வந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

பல்கலைக்கழகத்தில் பட்டம் எடுத்துவிட்டு வேலை இல்லாமல் இருந்த காலம் அது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவனும் நான்தான், அதற்கு மேலே போனவனும் நான்தான். அண்ணை வெளிநாடு போனபிறகு அப்பாவின் வள்ளத்துக்கு இரண்டாவது ஆள் இல்லை. அப்பாவுக்கு வலது தோள் ஏலாது. நண்டு வலையை ஒருவர் இழுக்க மற்றவர் வள்ளத்தைப் பிடிக்கவேண்டும். அதனால் விடிய மூன்று மணிக்கு எழும்பிப் போவேன். கரைக்கு வந்து, வலையில் சிக்கிய நண்டைக் கால் முறியாமல் கழற்றிக் கொடுத்துவிட்டு, குளித்து, வாசிகசாலைக்குப் போய்ப் படிப்பேன். இரவு பத்தரை, பதினொன்றுவரை படிப்பேன். பிறகு மறுபடி மூன்று மணி. ஞாயிறு மட்டும் மத்தியானம்வரை கிடப்பேன்.

அப்படிக் கிடந்து எழும்பினால் முதலில் கொட்டாவிதான் வரும். அவ்வளவு நித்திரை கொண்டவனுக்கு ஏன் கொட்டாவி என்று எனக்கே விளங்காது. பிறகு பிடரி இறுகும். பிறகு இடது கண்ணுக்குப் பின்னால் ஒரு துடிப்பு, நாடி போலவே. படியேறினால் துடிப்பும் ஏறும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது. எல்லாவற்றிலும் மோசம், மணம் ஆகாது. எங்கள் வீட்டில் மணத்திலிருந்து எங்கே ஓடுவது? வலை முற்றத்தில், நண்டு அடுப்பில், அப்பாவின் சேட்டு கொடியில். ஞாயிறு மத்தியானம் அம்மா ஆசையாக வைக்கிற நண்டுக் குழம்பின் வாசம் கதவிடுக்கால் வர, நான் கிணற்றடியில் குந்தியிருந்து ஓங்காளித்துச் சத்தி எடுப்பேன்.

"பூசைக்குப் போகாமல் கிடந்தால் இப்படித்தான்," என்று தங்கச்சி சொல்லுவாள். "கடவுள் நேரே தலையிலை குட்டுறார்."

"சத்தம் போடாதை."

"நான் மெதுவாத்தான் கதைக்கிறன். உனக்குத்தான் தலைக்குள்ளை ஒலிபெருக்கி."

எங்கள் வீட்டில் படுக்க ஒரே அறை. ஒரே காற்றாடி. காலையில் அப்பா படுப்பார், ஞாயிற்றில் நான் படுப்பேன். அந்த அறையில் எப்போதும் யாரோ ஒருவர் படுத்திருக்க, மற்றவர்கள் வெளியே கிசுகிசுத்துக்கொண்டே சீவித்தோம்.

என் முதலாவது போட்டிப் பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அரசாங்க வேலைக்கான சோதனைகள் பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில்தான் வைக்கப்படும், பள்ளிக்கூட மண்டபங்கள் அப்போதுதான் வெறுமையாக இருக்கும். அதற்கு முந்தின இரவு நான் படுக்கவேயில்லை என்று சொல்லலாம். விடியச் சற்றுக் கண்ணயர்ந்தேன். மண்டபத்தில் கேள்வித்தாளைத் திருப்பும்போதே கொட்டாவி தொடங்கிவிட்டது. பொது அறிவுப் பகுதி முடிவதற்குள் எழுத்துகள் துடிக்கத் தொடங்கின. மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, வெளியே போய், தண்ணீர்க் குழாயடியில் சத்தி எடுத்துவிட்டு வந்து மிச்சக் கேள்விகளை வாசிக்காமலே விடைகளுக்குக் கோடு போட்டேன்.

"இரா முழுக்க முழிச்சால் மனுசனுக்குத் தலை இடியாமல் வேறை என்ன செய்யும்," என்றாள் அம்மா. அது சரிதான். அதில் ஒரு பாதி சரி. அந்தப் பாதியை அம்மா விடாமல் பிடித்துக்கொண்டாள்.

அப்பா ஒன்றும் ஏசவில்லை. வலைக்கு மிதவைக் கட்டை கட்டிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "இன்னொருக்கால் எழுது. அதுவும் சரிவராட்டி தொழிலைப் பார். ரெண்டு தோணியிலை கால் வைச்சுக்கொண்டு கன நாளைக்கு நிக்கேலாது."

அதில் கோபம் இல்லை. தீர்ப்பும் இல்லை. கடலைப் பற்றிச் சொல்லுகிற மாதிரித்தான் சொன்னார். ஆனால் அந்த நாளிலிருந்து என் கணக்கில் ஒரு சோதனைதான் மிச்சமிருந்தது.

அடுத்த அறிவித்தல் வருவதற்கிடையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூளைக்குள் ஏதோ வளர்கிறது என்று உள்ளூரப் பயந்து போயிருந்தேன். வெளிநோயாளர் பிரிவில் காட்டி, அவர்கள் எழுதித் தந்த துண்டோடு இன்னொரு நாள் கிளினிக்குக்குப் போனேன். எனக்கு முன்னால் சாவகச்சேரிப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்திருந்தார். அவருடைய மனைவி அவர் தலையில் நனைத்த துவாயை வைத்துப் பிடித்திருந்தா. அதைப் பார்த்ததும், நான் தனியாள் இல்லை என்று ஒரு அற்ப ஆறுதல் வந்தது.

டொக்டர் ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது மூப்பு இருக்கலாம். கண்ணுக்குள் லைற் அடித்துப் பார்த்தா. விரலைப் பின்தொடரச் சொன்னா, நேர்கோட்டில் நடக்கச் சொன்னா, முழங்காலில் தட்டினா. திடீரென்று வெடிப்பதுபோல வந்ததா, காய்ச்சலோடு வந்ததா, கை கால் சோர்ந்ததா, பார்வை மங்கியதா என்று ஒன்றொன்றாகக் கேட்டா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன்.

"தம்பி, பயப்பிட ஒண்டும் இல்லை. இது ஒற்றைத் தலையிடி, மைக்ரேன். ஸ்கேன் தேவையில்லை. எந்த நாளிலை கூட வருது?"

"ஞாயிற்றுக்கிழமை."

"அண்டைக்கு எத்தினை மணிக்கு எழும்புறனீங்கள்?"

சொன்னேன்.

"மற்ற நாளிலை?"

அதையும் சொன்னேன். அவ எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தா.

"விடிய மூண்டு மணிக்கோ? படிக்கவோ?"

"இல்லை, கடலுக்கு."

"பிறகு இரவு பதினொண்டு மட்டும் படிப்பு."

"ஓம்."

அவ பேனையை மேசையில் வைத்தா. "அப்ப கிழமை முழுக்க நித்திரை காணாது. ஞாயிறு அதை ஒரேயடியாப் பிடிக்கப் பாக்கிறியள். சில பேரின்ரை மூளை மாற்றத்தைத் தாங்காது, தம்பி. நித்திரை குறைஞ்சாலும் தலையிடிக்கும், கூடினாலும் தலையிடிக்கும். ஞாயிறு பிந்தி எழும்ப தேத்தண்ணியும் பிந்தும், சாப்பாடும் பிந்தும். அதுவும் சேரும்."

"கூட நித்திரை கொண்டால் நல்லதில்லையோ?"

"உங்களுக்கு நல்லதில்லை. ஒரே நேரத்துக்குப் படுங்கோ, ஒரே நேரத்துக்கு எழும்புங்கோ. படுக்கிற நேரம் முந்திப் பிந்தினாலும் எழும்புற நேரத்தை மாத்தாதேங்கோ. ஞாயிறும் அதே நேரம். பகலிலை ஏலாட்டி ஒரு இருபது நிமிசம் சரியுங்கோ, மணித்தியாலக் கணக்காக் கிடக்காதேங்கோ."

குளிசை எழுதித் தந்தா. தலையிடி தொடங்குகிற கையோடு போடவேண்டும், முற்றவிட்டுப் போட்டால் பலன் குறைவு. ஆனால் கிழமையில் இரண்டு நாளுக்கு மேல் போடக்கூடாது, கூடப் போட்டால் அந்தக் குளிசையே தலையிடியைக் கொண்டுவரும் என்றா. எனக்கு அது ஒரு வலை மாதிரித்தான் பட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணி.

"மூண்டு மணிக்கு எழும்புறதை விடேலாதோ?" என்று கடைசியாகக் கேட்டா.

"ஏலாது, டொக்டர். வள்ளத்துக்கு ரெண்டு பேர் வேணும்."

அவ கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னா: "அப்ப ஞாயிறும் மூண்டு மணிதான்."

பஸ் ஏறாமல் கரையோரமாக வீட்டுக்கு நடந்தேன். ஏழரை மணிநேரம் நித்திரை கொள்ளவேண்டுமென்றால் இரவு ஏழரைக்குப் படுக்கவேண்டும். ஏழரைக்கும் பதினொன்றுக்கும் இடையில்தான் நான் ஒழுங்காகப் படிக்கிறது. தலையைக் காப்பாற்றினால் படிப்புப் போகும். படிப்பைக் காப்பாற்றினால் தலை போகும். மாற்றமுடியாத ஒன்றே ஒன்று அப்பாவின் மூன்று மணி. மருந்தும் என்னை அந்த வள்ளத்திலேயே கட்டிவிட்டது.

வீட்டில் சொன்னபோது அப்பா சிரித்தார்.

"நித்திரை குறைஞ்சால் வருத்தம் எண்டால் விளங்குது. கூடினாலும் வருத்தமோ? அப்ப கந்தோர் உத்தியோகத்திலை இருக்கிறவங்கள் எல்லாம் எப்பவோ முடிஞ்சிருப்பாங்கள்."

"அவா படிச்சவா, சும்மா சொல்லுவாவே," என்றாள் அம்மா. ஆனால் அவளும் எனக்குக் கேட்கக்கூடியதாகத் தங்கச்சியிடம் மெதுவாகச் சொன்னாள்: "பிள்ளைக்கு நித்திரை முக்கியமாம்."

நான் திருத்தவில்லை. சொல்லியிருந்தாலும் எடுபட்டிராது. எங்கள் வீட்டில் நித்திரை என்றால் ஒரு நல்ல பொருள். நல்ல பொருள் கூடினால் கெடுதல் என்று யார் நம்புவார்கள்?

எப்படியோ தொடங்கினேன். பொழுது பட்டதும் சாப்பிட்டு, ஏழரைக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவேன். எங்கள் ஒழுங்கை உயிர்க்கிறதே அப்போதுதான். ஒரு பக்கத்து வீட்டில் ரீவி, மறுபக்கத்தில் பிள்ளைகள் பாடமாக்குகிற சத்தம், கோயிலில் நவநாள் பாட்டு, சந்தியில் பெடியளின் மோட்டார்சைக்கிள். வெக்கையில் காற்றாடிக்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு, ஒழுங்கை வாழ்வதைக் கேட்டுக்கொண்டு கிடப்பேன். முதல் இரண்டு மூன்று கிழமை நித்திரையே வரவில்லை. பிறகு வந்தது. நாய்க்குட்டி மாதிரி, நேரத்துக்கு வைத்தால் நேரத்துக்கு வந்தது.

மைத்துனனின் கல்யாணத்தில், ஏழரைக்குப் படுக்கவேண்டும் என்று, சாப்பாடு போட முன்னமே எழும்பிவிட்டேன்.

"என்னடாப்பா, மாப்பிளைக்கு முதல் நீ படுக்கப் போறாய்," என்றான் ஒருவன். பந்தலே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தான். மைத்துனனின் கல்யாணச் சாப்பாடு எப்படி இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகள்தான் கொடுமை. கைத்தொலைபேசி தலையணைக்குக் கீழே நடுங்க, மூன்று மணிக்கு எழும்பி, யாரையும் மிதிக்காமல் குசினிக்குப் போய், ஒரு பிளேன்ரீ ஊற்றிக் குடிப்பேன். வள்ளங்கள் எல்லாம் கரையில் கட்டிக்கிடக்கும். முழு ஒழுங்கையும் மூச்சு விடுவது கேட்கும். நான் ஒருவன் மட்டும், போக ஒரு இடமில்லாமல், விளக்கை மறைத்து வைத்துப் படிப்பேன். தங்கச்சி ஒருநாள் தண்ணீர் குடிக்க எழும்பி என்னைக் கண்டு திடுக்கிட்டாள்.

"உனக்கு விசர். லோகத்திலை எல்லாரும் படுக்கிற நாளிலை..."

"போய்ப் படு."

"படுக்கிறன். எனக்கென்ன, கொடுத்துவைச்சனான்."

ஆனால் பலன் இருந்தது. முதல் மாதம் ஞாயிற்றுத் தலையிடி பிந்தி வந்தது, மெல்லிசாக வந்தது. பிறகு ஒரு ஞாயிறு வரவேயில்லை. பின்னேரம் வரையும் அதை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன், வரவில்லை. அன்றைக்குத்தான் பல காலத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை நண்டுக் குழம்பு சாப்பிட்டேன். அம்மா மறுபடி மறுபடி அள்ளி வைத்தாள். நடுவில் ஒரே ஒரு தடவை, வாசிகசாலை மேசையில் தலையைச் சாய்த்தவன் பின்னேரம்வரை நித்திரையாகிப்போனேன். எழும்பியபோது பேப்பர் வாசிக்கிறவர்கள் என்னைச் சுற்றிச் சத்தமில்லாமல் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார்கள், நான் தொழிலுக்குப் போகிறவன் என்று தெரிந்து. அன்றிரவு தலை பிளந்தது. டொக்டர் சொன்னதன் மற்றப் பாதியும் உண்மை என்று அன்றைக்கு எனக்கு ஐயமறத் தெரிந்தது.

சோதனை அறிவித்தல் வந்தது. ஞாயிறு, காலை ஒன்பது மணி, யாழ்ப்பாண நகரத்தில் ஒரு பள்ளிக்கூடம். எனக்குப் பயம் குறைவாக இருந்தது. படித்தது போதுமோ என்னவோ, தலை என்னோடு நிற்கும் என்று நம்பினேன்.

சனி பின்னேரம் அம்மா ஒரு வேலை செய்தாள். இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் போய், "நாளைக்குத் தம்பிக்குச் சோதினை, ரீவியைக் கொஞ்சம் குறைச்சு விடுங்கோ," என்று கேட்டிருக்கிறாள். சந்திப் பெடியளிடமும் சொல்லியிருக்கிறாள். ஏழரைக்கு நான் படுத்தபோது, மழை நாள் மாதிரி, எங்கள் ஒழுங்கை அடங்கிப்போயிருந்தது. அந்த அமைதி எனக்காக என்று தெரிந்தது. அப்படியே நித்திரையாகிப்போனேன்.

கண் விழித்தபோது அறை வெளித்திருந்தது.

முதலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கதவு சாத்தியிருந்தது. யன்னலுக்கு அம்மாவின் பழைய சேலை ஒன்று மடித்துத் தொங்கியது, வெயில் படாமல். தலையணைக்குக் கீழே கையை விட்டேன். கைத்தொலைபேசி இல்லை. பூசைக்குப் போகிறவர்கள் வெளியே நடப்பது கேட்டது. எங்கள் வாசலில் அவர்களின் செருப்புச் சத்தம் நின்று, வாசலைத் தாண்டித் திரும்பத் தொடங்கியது.

அம்மா குசினியில் இருந்தாள். கைத்தொலைபேசி அவளுக்குப் பக்கத்தில், சீனிப் போத்தலோடு. அதில் மணி ஏழு.

"எழும்பீட்டியோ, மோனை. அது மூண்டு மணிக்கு அடிக்க முதல் எடுத்து நிப்பாட்டினனான். இண்டைக்கெண்டாலும் ஆறுதலாப் படுக்கட்டும் எண்டு." அவள் முகம் மலர்ந்திருந்தது. "கொப்பரும் எழுப்பாதை எண்டவர். போன முறை நித்திரை இல்லாமல்தானே எல்லாம் பிழைச்சது. நல்லா நித்திரை கொண்டனியே?"

அவளுடைய கண் சிவந்திருந்தது. கைத்தொலைபேசியை நிற்பாட்ட மூன்று மணிக்கு முன் எழும்பியவள், பிறகு படுக்கவில்லை. நான் நித்திரை கொள்வதைக் காவல் காத்திருக்கிறாள்.

"ஓம் அம்மா," என்றேன். "நல்லா நித்திரை கொண்டனான்."

வேறென்ன சொல்வது? அந்த 'ஓம்' என் வாயிலிருந்து வெளியே வந்தபோதே கொட்டாவியும் வந்தது.

தேத்தண்ணியை அவசரமாகக் குடித்தேன். பாணைப் பிய்த்துச் சாப்பிட்டேன். குளிசைகளைச் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். தலை இன்னும் இடிக்கவில்லை, ஒருவேளை இடிக்காமலே விடலாம். அம்மா நெற்றியில் சிலுவை போட்டுவிட்டாள். அப்பா சைக்கிளுக்குக் காற்று அடித்துக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்தார். ஆஸ்பத்திரி வீதியால் மிதித்துப் போகையில் மூன்று தரம், நாலு தரம் கொட்டாவி. பஸ் நிலையத்தடியில் பிடரி இறுகியது. சைக்கிளை நிறுத்தி, ஒரு கடையில் தண்ணீர் வாங்கிக் குளிசையைப் போட்டேன். தொடங்குகிற கையோடு, சொன்னபடியே.

முதற் பகுதியை எழுதினேன். இரண்டாம் பகுதியையும் அரைவாசிவரை எழுதினேன். குளிசை துடிப்பைக் கொஞ்சம் தடுத்து வைத்திருந்தது, ஆனால் தலைக்குள் ஏதோ ஒரு பாரம் உட்கார்ந்துகொண்டது. ஒரு கேள்வியை வாசித்து அதன் முடிவுக்கு வரும்போது தொடக்கம் மறந்துபோகும். மறுபடி வாசிப்பேன். யன்னல் வெளிச்சம் கேள்வித்தாளில் விழுந்து கண்ணைக் குத்தியது. மேசையை இழுக்கக் கேட்கலாம் என்று கையை உயர்த்தி, கேட்காமல் இறக்கினேன். இந்த முறை சத்தி எடுக்கவில்லை. வெளியேயும் போகவில்லை. கடைசிவரை இருந்தேன், மணி அடிக்கும்வரை, எழுதாத பக்கங்களுக்கு முன்னால்.

வீட்டுக்கு வந்து, அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன். களைப்பு என்று சொன்னேன். அம்மா வெளியே எல்லோரையும் அடக்கினாள்.

முடிவு பல மாதம் கழித்து வந்தது. தெரிவானவர்களின் பெயர்களில் என்னுடையது இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா மதிலடிக்கு வந்து, "ஏனாம், இந்த முறையும் தலையிடியோ?" என்று கேட்டா.

"சீ, இந்த முறை அப்பிடிச் சொல்லேலாது," என்று அம்மா சொன்னது அறைக்குள் எனக்குக் கேட்டது. "வடிவா நித்திரை கொண்டிட்டுத்தான் போனவன். நான்தானே பாத்துக்கொண்டிருந்தனான்."

கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். போய்ச் சொல்ல ஒரு வசனம் இருந்தது. மிகச் சின்ன வசனம்தான். அதைச் சொன்னால் அம்மா அதற்குப் பிறகு எப்போதாவது நிம்மதியாகப் படுப்பாளா? சொல்லவில்லை.

அன்று பின்னேரம் அப்பா கடலில் வலையை விட்டுவிட்டு வந்தார். கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "நாளைக்குக் காத்து இல்லை. வெள்ளனப் படு."

இப்போது எனக்குத் தலையிடி வருவது குறைவு. ஞாயிறும் மூன்று மணிதான், அந்தக் கைத்தொலைபேசியைத் தலையணைக்குக் கீழே வைக்காமல் சாரத்து மடிக்குள் கட்டிக்கொண்டு படுக்கிறேன். அப்பா அப்படிச் சொன்ன அன்றைக்கும் சாப்பிட்டுவிட்டு, ஏழரைக்கு அறைக்குள் போனேன். அம்மா வந்து யன்னல் சேலையை இழுத்துவிட்டாள். பக்கத்து வீட்டில் ரீவி தானாகவே குறைந்தது. கதவு சாத்தப்பட்டது. எனக்கு நித்திரை நேரம் தவறாமல் வந்தது.